அந்த 63 வெள்ளி எங்கே போனது?

ஆண்டின் முதல் வாரத்தில் சம்பளப் பிரிவில் இருப்பவர்களிடம் ஒரே கேள்வி பல குரல்களில் வரும். மத்திய சேமநிதிக் கணக்கில் டிசம்பர் 31 தேதியிட்டு வட்டி ஏறியிருக்கும். சிங்பாஸ் வழியாக உள்ளே போய்ப் பார்த்தவர்கள் கைப்பேசியிலேயே ஒரு பெருக்கல் போட்டுப் பார்ப்பார்கள். விடை பொருந்தாது. உடனே எங்களைத் தேடி வருவார்கள், நாங்கள்தான் குறைத்துவிட்டோம் என்பதுபோல.

நான் தஞ்சோங் பகாரில் ஒரு சிறிய நிறுவனத்தின் சம்பளப் பட்டியலைப் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் அலுவலகத்திலிருந்து சற்று நடந்தால் ராபின்சன் சாலை 79ஆம் எண். பல ஆண்டுகள் அங்கேதான் மசேநி கட்டடம் இருந்தது. இன்று அதே எண்ணில் புதிய அலுவலகக் கோபுரம் நிற்கிறது. அன்று அங்கே வரிசையில் நின்று கேட்டதை இன்று கைப்பேசியில் பார்க்கிறோம். கணக்கு போடும் முறை என்னவோ எல்லாருக்கும் விளங்கிவிட்டதாகத் தெரியவில்லை.

இந்த ஆண்டு கேட்டவர் எங்கள் அலுவலகத் தம்பி ஒருவர். வயது 30. தஞ்சோங் பகார் பிளாசா உணவு நிலையத்தில் மதியச் சாப்பாட்டின்போது கைப்பேசியை என் முன்னால் நீட்டினார். “அக்கா, சாதாரணக் கணக்குக்கு ஆண்டுக்கு 2.5 விழுக்காடுன்னு சொல்றாங்க. என் கணக்குல 27,000 வெள்ளி இருக்கு. அப்ப 675 வெள்ளி வட்டி வரணும். 611 வெள்ளி 88 காசுதான் வந்திருக்கு. மீதி 63 வெள்ளி எங்கே?”

நல்ல கேள்வி. அவர் அனுமதியோடு அந்தக் கணக்கையே இங்கே எடுத்துக்கொள்கிறேன். கூட்ட எளிதாக இருக்கட்டும் என்று தொகைகளை முழு எண்களாக்கியிருக்கிறேன். ஆண்டு 2025.

அவருடைய மாதச் சம்பளம் 5,000 வெள்ளி. அவர் பங்கு 20 விழுக்காடு, நிறுவனத்தின் பங்கு 17 விழுக்காடு. ஆக மாதம் 1,850 வெள்ளி மசேநிக்குப் போகிறது. 35 வயது வரை உள்ளவர்களுக்கு இது ஏறத்தாழ இப்படிப் பிரியும்: சாதாரணக் கணக்கிற்கு 1,150, சிறப்புக் கணக்கிற்கு 300, மெடிசேவுக்கு 400. 2025 ஜனவரி முதல் தேதி, முந்தைய ஆண்டின் வட்டியும் சேர்ந்து, சாதாரணக் கணக்கில் 24,000 வெள்ளி இருந்தது. வீட்டுக் கடனுக்காக அதிலிருந்து மாதம் 900 வெள்ளி கழிகிறது. மாதம் 1,150 வரவு, 900 செலவு, நிகரமாக 250 ஏற்றம். பன்னிரண்டு மாதத்தில் 3,000. அப்படித்தான் ஆண்டு முடிவில் 27,000 ஆனது.

தம்பி அந்த 27,000ஐ 2.5 விழுக்காட்டால் பெருக்கினார். ஆனால், 27,000 வெள்ளி அவர் கணக்கில் டிசம்பரில்தான் இருந்தது. ஜனவரியில் இல்லை, ஜூலையிலும் இல்லை. மசேநி வட்டி ஆண்டுக்கு ஒருமுறை கணக்கில் ஏறுகிறது என்பது உண்மை. கணக்கிடப்படுவது மாதாமாதம். ஒவ்வொரு மாதத்துக்கும் அந்த மாத இருப்பை வைத்து வட்டி கண்டு, தனியே குறித்துவைத்து, பன்னிரண்டையும் கூட்டி டிசம்பர் முடிவில் வரவு வைக்கிறார்கள்.

அந்த ‘மாத இருப்பு’ எது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. விதி இரண்டு வரிதான். இந்த மாதம் வந்து சேரும் சந்தாவுக்கு அடுத்த மாதத்திலிருந்து வட்டி. இந்த மாதம் வெளியே போகும் பணத்துக்கு இந்த மாத வட்டி கிடையாது. நான் இதை வேறு மாதிரி நினைவில் வைத்துக்கொள்வேன்: மாதத்தின் முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை அசையாமல் உட்கார்ந்திருந்த பணத்துக்கு மட்டுமே அந்த மாத வட்டி. நடுவில் வந்ததும் சேராது, நடுவில் போனதும் சேராது.

ஜனவரியைப் போட்டுப் பார்ப்போம். தொடக்கத்தில் 24,000. வீட்டுக் கடனுக்கு 900 போய்விட்டது. அந்த மாதம் உள்ளே வந்த 1,150ஐ இப்போதைக்குத் தொடக்கூடாது. ஆக வட்டிக்குரிய தொகை 23,100 வெள்ளி. ஆண்டு வட்டி 2.5 விழுக்காட்டில் பன்னிரண்டில் ஒரு பங்கு என்றால் 48 வெள்ளி 12 காசும் ஒரு அரைக்காசும். பிப்ரவரிக்குத் தொடக்க இருப்பு 24,250. அதில் 900 கழித்தால் 23,350. மார்ச்சில் 23,600. இப்படியே மாதம் 250 வெள்ளி ஏறி, டிசம்பரில் வட்டிக்குரிய தொகை 25,850 ஆகிறது. டிசம்பர் முடிவில் இருப்பு 27,000 ஆனாலும் அந்த மாதத்து வட்டிகூட 25,850க்குத்தான் என்பதைக் கவனியுங்கள்.

பன்னிரண்டு முறை பெருக்க வேண்டியதில்லை. மாதத் தொகைகள் சீராக ஏறுவதால் முதல் மாதத்தையும் கடைசி மாதத்தையும் கூட்டி ஆறால் பெருக்கினால் போதும். 23,100ம் 25,850ம் சேர்ந்து 48,950. ஆறு மடங்கு 293,700. இதற்கு 2.5 விழுக்காடு 7,342 வெள்ளி 50 காசு. அதைப் பன்னிரண்டால் வகுத்தால் 611 வெள்ளி 88 காசு. தம்பியின் திரையில் `INT` என்ற வரியில் இருந்த அதே தொகை.

சம்பளமோ கழிவோ நடுவில் மாறியிருந்தால் இந்தக் குறுக்குவழி உதவாது. அப்போது பன்னிரண்டு மாதத்தின் வட்டிக்குரிய தொகைகளையும் தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கூட்ட வேண்டும். வகுப்பதைக் கடைசியில் ஒரே முறை செய்யுங்கள். மாதாமாதம் காசுகளை முழுமையாக்கிக்கொண்டே போனால் ஓரிரு காசு பிசகும், அதற்காக ஒரு மாலைப்பொழுது வீணாகும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஜனவரிக்குக் கண்ட அந்த 48 வெள்ளி பிப்ரவரியில் வட்டி ஈட்டாது. ஆண்டு முடியும்வரை அது வெறும் குறிப்பு. டிசம்பர் முடிவில் கணக்கில் ஏறிய பிறகுதான் வட்டிக்கு வட்டி தொடங்கும். மாதாமாதம் சேர்த்திருந்தால் தம்பிக்கு ஆண்டில் ஏறத்தாழ 7 வெள்ளி கூடுதலாகக் கிடைத்திருக்கும். பெரிய தொகை இல்லை. ஆனால், ‘மாதம் கணக்கிடுகிறார்கள் என்றால் மாதம் கூட்டு வட்டிதானே’ என்று நினைப்பவர்களின் தாள் ஏன் பொருந்தவில்லை என்பதற்கு இதுதான் பதில்.

கணக்கு பொருந்தாதபோது வித்தியாசத் தொகையை முதலில் பாருங்கள். எங்கே வழுக்கியது என்பதைப் பெரும்பாலும் அதுவே காட்டிக்கொடுக்கும். இதே தம்பியின் எண்களில் உங்கள் விடை 28 வெள்ளி 75 காசு கூடுதலாக வந்தால், வந்த மாதத்திலேயே சந்தாவுக்கு வட்டி போட்டுவிட்டீர்கள். 1,150 வெள்ளிக்கு 2.5 விழுக்காடு சரியாக 28.75. விடை 22 வெள்ளி 50 காசு கூடுதல் என்றால், வீட்டுக் கடன் கழிவை அடுத்த மாதத்திலிருந்து குறைத்திருக்கிறீர்கள். 900 வெள்ளிக்கு 2.5 விழுக்காடு அது. வித்தியாசம் 2 வெள்ளி 40 காசுக்கு அருகே நின்றால், ஏதோ ஒரு மாதச் சந்தா நீங்கள் நினைத்த மாதத்தில் வராமல் ஒரு மாதம் தள்ளி வந்திருக்கிறது.

கடைசியாகச் சொன்னது நடக்கக்கூடிய ஒன்று. பரிவர்த்தனைப் பட்டியலில் ஒவ்வொரு `CON` வரியிலும் பணம் எந்தத் தேதியில் வந்தது, எந்த மாதச் சம்பளத்துக்கு உரியது என்ற இரண்டும் இருக்கும். வட்டிக் கணக்கிற்கு முதலாவதுதான் முக்கியம். நிறுவனங்கள் சந்தாவை மாதக் கடைசிக்குள் கட்ட வேண்டும். ஆனால், அடுத்த மாதம் 14ஆம் தேதி வரை சலுகைக்காலம் உண்டு. 14ஆம் தேதி சனி, ஞாயிறு, பொது விடுமுறையில் விழுந்தால் அடுத்த வேலை நாள். சிறு நிறுவனங்களுக்கு அந்த இரண்டு வாரம் பெரிய மூச்சு, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சலுகைக்காலமும் தாண்டினால்தான் நிறுவனத்துக்குத் தாமத வட்டி வரும்.

ஆனால், ஊழியரின் பக்கத்திலிருந்து பாருங்கள். மார்ச் மாதச் சந்தாவை 31 மார்ச்சில் கட்டினால் ஏப்ரலிலிருந்து வட்டி. ஏப்ரல் 14ல் கட்டினால் மே மாதத்திலிருந்துதான். இரண்டும் விதிப்படி சரி. தம்பியின் முந்தைய நிறுவனம் மாதக் கடைசியிலேயே கட்டிவிடுமாம். ஆண்டு முழுவதும் அப்படிக் கட்டினால் சாதாரணக் கணக்கில் 28.75 வெள்ளி, 4 விழுக்காடு கிடைக்கும் மற்ற இரு கணக்குகளிலும் சேர்த்து 28 வெள்ளி, ஆக 57 வெள்ளிக்குச் சற்றுக் குறைவாகக் கூடுதல். முப்பது ஆண்டு வேலை பார்ப்பவருக்கு அது ஒரு விமானச் சீட்டின் விலைக்கும் மேலே போகும். அதைக் கேட்டு நிறுவனம் மாற வேண்டாம், தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அவருடைய சிறப்புக் கணக்கு. அங்கே நிலைமை தலைகீழ். “இதுல மட்டும் அதிகமா வந்திருக்கே அக்கா, திருப்பிக் கேப்பாங்களா?” என்று கேட்டார். கேட்க மாட்டார்கள்.

2025 தொடக்கத்தில் சிறப்புக் கணக்கில் 14,000 வெள்ளி. மாதம் 300 வரவு, கழிவு எதுவும் இல்லை. ஜனவரியில் வட்டிக்குரிய தொகை 14,000, டிசம்பரில் 17,300. அதே குறுக்குவழியில் பன்னிரண்டு மாதக் கூட்டுத்தொகை 187,800. 2025ன் நான்கு காலாண்டுகளிலும் சிறப்புக் கணக்கிற்கு வட்டி 4 விழுக்காடு. ஆகவே 626 வெள்ளி. ஆனால், அவர் கணக்கில் ஏறியதோ 982 வெள்ளி 50 காசு.

கூடுதலாக வந்த 356 வெள்ளி 50 காசும் 2008 முதல் தரப்படும் கூடுதல் வட்டி. 55 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு எல்லா மசேநி கணக்குகளிலும் சேர்த்து முதல் 60,000 வெள்ளிக்கு ஆண்டுக்கு மேலும் 1 விழுக்காடு. அதில் சாதாரணக் கணக்கிலிருந்து 20,000 வெள்ளி வரைதான் எடுத்துக்கொள்வார்கள். தம்பியின் மூன்று கணக்குகளும் சேர்ந்து ஆண்டு முழுவதும் 60,000க்குள்ளேயே இருந்ததால் வரம்பைப் பற்றிக் கவலை இல்லை. சிறப்புக் கணக்கின் சொந்த இருப்புக்கு 1 விழுக்காடு 156 வெள்ளி 50 காசு. சாதாரணக் கணக்கின் 20,000க்கு 200 வெள்ளி. இந்த 200 வெள்ளி சாதாரணக் கணக்கிற்குப் போகாது. அது சிறப்புக் கணக்கில்தான் ஏறும். பலர் இதைத் தேடிக் களைத்துப்போவதைப் பார்த்திருக்கிறேன். சாதாரணக் கணக்கில் ‘3.5 விழுக்காடு’ வரும் என்று எதிர்பார்த்து, வராததால் குறை என்று நினைக்கிறார்கள். பணம் பக்கத்து அறையில் இருக்கிறது.

மெடிசேவுக்கும் இதே வழிதான். காப்புறுதிச் சந்தா எந்த மாதம் கழிந்ததோ அந்த மாத இருப்பிலேயே அதைக் குறைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவே.

இந்தியாவிலிருந்து வேலைக்கு வந்து இங்கே நிரந்தரவாசியான நண்பர்கள் ஒரு பழக்கத்தோடு வருகிறார்கள்: ஐந்தாம் தேதிக்குள் பணத்தைப் போட்டுவிட வேண்டும் என்பது. அது அங்கே அஞ்சலகத்திலும் வங்கியிலும் உள்ள பொது வருங்கால வைப்பு நிதியின் விதி. ஐந்தாம் தேதி முடிந்ததிலிருந்து மாதக் கடைசி வரை இருந்த மிகக் குறைந்த இருப்புக்கு அந்த மாத வட்டி. எனவே 5ஆம் தேதிக்குள் போட்ட பணத்துக்கு அந்த மாதமே வட்டி உண்டு. மசேநியில் அந்தச் சலுகை இல்லை. மாறாக, அவர்கள் சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்த்தபோது சேர்த்த ஊழியர் வருங்கால வைப்பு நிதி நம்முடையதன் உடன்பிறப்பு மாதிரி. 1952ஆம் ஆண்டுத் திட்டத்தின் 60ஆம் பத்தி மாத நடப்பு இருப்பின் அடிப்படையில் வட்டி என்றே சொல்கிறது. வரவு வைத்த மாதத்துக்கு அடுத்த மாதத்தின் முதல் நாளிலிருந்து வட்டி. எடுத்த பணத்துக்கு, எடுத்த மாதத்துக்கு முந்தைய மாதக் கடைசி வரை வட்டி. வித்தியாசம், அங்கே ஆண்டு மார்ச்சில் முடியும், மொத்த வட்டியை முழு ரூபாயாக்கிவிடுவார்கள். 2024-25க்கு 8.25 விழுக்காடு.

திரும்ப நம் ஊருக்கே வருவோம். அசையாமல் உட்கார்ந்த பணத்துக்கே வட்டி என்பதால், உள்ளே போடும் பணத்துக்கு மாதத்தின் முதல் நாளும் கடைசி நாளும் ஒன்றுதான். வெளியே எடுக்கும் பணத்துக்கும் அப்படியே. ஆனால், மாதக் கடைசிக்கும் அடுத்த மாத முதல் தேதிக்கும் இடையே உள்ள அந்த ஓர் இரவுக்கு ஒரு மாத வட்டி விலை.

தம்பி இந்த ஆண்டு வீட்டுக் கடனில் 6,000 வெள்ளியை ஒரே தவணையில் அடைக்க நினைக்கிறார். ஜூன் மாத வாக்கில். சாதாரணக் கணக்கில் 6,000 வெள்ளியின் ஒரு மாத வட்டி 12 வெள்ளி 50 காசு. கழிவு ஜூன் 30ல் நடந்தால் ஜூன் முதல் டிசம்பர் வரை ஏழு மாத வட்டி, அதாவது 87.50 வெள்ளி இருக்காது. ஜூலை 1ல் நடந்தால் ஆறு மாதம், 75 வெள்ளி. கடன் பக்கத்திலும் அந்த நாளில் வட்டி எப்படிக் குறைகிறது என்று பார்த்துத்தான் தேதியை முடிவு செய்ய வேண்டும். வீவக கடனுக்கு 2.6 விழுக்காடு, சாதாரணக் கணக்கிற்கு 2.5 விழுக்காடு. இரண்டுக்கும் இடைவெளி அவ்வளவு சிறியது என்பதால், தப்பான நாளில் கட்டிய ஒரு மாத இழப்பை ஈடுகட்டப் பல மாதங்கள் பிடிக்கும்.

சிறப்புக் கணக்கில் ரொக்கமாக நிரப்புபவர்களுக்கு இது இன்னும் பெரிய தொகை. வரிச் சலுகைக்காக நிறையப் பேர் டிசம்பரில்தான் 8,000 வெள்ளியைப் போடுகிறார்கள். டிசம்பர் 20ல் போட்ட பணத்துக்கு அந்த ஆண்டு வட்டி ஒரு காசுகூட இல்லை. அதே 8,000ஐ ஜனவரி மாதம் எந்த நாளில் போட்டிருந்தாலும் பிப்ரவரி முதல் டிசம்பர் வரை பதினொரு மாதம், 4 விழுக்காட்டில் 293 வெள்ளி 33 காசு. வரிச் சலுகை இரண்டு விதத்திலும் அதே ஆண்டுக்குத்தான் சேரும். ஆனால், ஜனவரியில் கையில் 8,000 இருப்பவர்கள் எத்தனை பேர் என்பது வேறு கேள்வி. மாதம் 600, 700 என்று பிரித்துப் போடலாம். நடுவே ஒன்று, போட்ட பணத்தைத் திரும்ப எடுக்க முடியாது. வட்டிக்கு ஆசைப்பட்டு அவசரச் செலவுக்கு வைத்திருந்த பணத்தைத் தூக்கிப் போடாதீர்கள்.

உங்கள் சொந்தக் கணக்கைப் பார்க்க ஒரு தாளும் 2025ன் பரிவர்த்தனைப் பட்டியலும் போதும். மேலே ஜனவரி முதல் தேதியின் `BAL` தொகை. ஒவ்வொரு மாதமும் அந்த மாதத் தொடக்க இருப்பிலிருந்து அந்த மாதம் போனதை மட்டும் கழித்து, வலப்பக்கம் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு வந்ததைச் சேர்த்து அடுத்த மாதத் தொடக்க இருப்பைக் காணுங்கள். ஒரு மாதத்தில் `CON` வரியே இல்லாமல் அடுத்த மாதத்தில் இரண்டு இருந்தால், ஒரு மாதச் சந்தா தாமதமாக வந்திருக்கிறது. சம்பளப் பிரிவில் கேட்கலாம். விளக்கம் கிடைக்காவிட்டால் மசேநி கழகத்திடம் கேட்கலாம். நேரில் போக நினைத்தால் எங்கள் பக்கம் மேக்ஸ்வெல் சாலையில் அவர்களுடைய சேவை நிலையம் இருக்கிறது.

தம்பி தன் தாளை அந்த மதியமே முடித்துவிட்டு, 2026க்குப் புதிய தாள் ஒன்றும் தொடங்கினார். முதல் வரி 27,611 வெள்ளி 88 காசு. சென்ற ஆண்டு வட்டியும் இப்போது அசலாகிவிட்டது. அதில் ஜனவரி வீட்டுக் கடன் 900 கழித்து 26,711.88. அந்த மாத வட்டி 55 வெள்ளி 65 காசு.